செத்தவரோட ஒப்பும் கம்பெனிக் கணக்கும்

பேங்க்காரங்களைத் திட்டி ஒரு பதிவு போட்டா கைதட்ட ஆள் நிறைய வரும்னு தெரியும். ஆனா இந்த விஷயத்துல பாதித் திட்டுதான் அவங்களுக்கு, மீதி நம்ம பக்கம் வரணும் மக்கா. சின்ன கம்பெனிக் கணக்குல கையெழுத்துப் போடுறவரை மாத்தணும்னு போறப்ப நடக்குற கூத்துல முக்காவாசி ஒரே குழப்பத்துல இருந்துதான் வருது. கணக்கு ஆளோடதா, கம்பெனியோடதா?

நம்ம மாவட்டத்துல எனக்குத் தெரிஞ்ச தும்பு கம்பெனி ஒண்ணு. கதம்பை வாங்கி, தும்பு அடிச்சு, கயிறு திரிக்கிறவங்களுக்கு அனுப்புவாங்க. பேருக்கு பிரைவேட் லிமிடெட், உள்ள புருஷனும் பொண்டாட்டியும் ரெண்டே டைரக்டர். செக்குல ரெண்டு பேரும் சேர்ந்து ஒப்பு போடணும்னு பேங்க்ல எழுதிக் கொடுத்திருந்தாங்க. (எங்க ஊர்ப் பழைய ஆளுகளுக்குக் கையெழுத்துன்னா ஒப்புதான்.) அண்ணன் திடீர்னு மாரடைப்புல போயிட்டார். பதினாறு கழியறதுக்குள்ள சனிக்கிழமைச் சம்பளம் வந்து நின்னுது.

அக்கா லெட்டர்ஹெட்ல "இனி நான் மட்டுமே கையெழுத்துப் போடுவேன் என்று போர்டு தீர்மானித்தது" அப்படின்னு அடிச்சு, கீழ தானே ஒப்பு போட்டு, இறப்புச் சான்றிதழோட கொண்டு போனாங்க. கவுண்டர்ல திருப்பிட்டாங்க.

"நானும் டைரக்டர்தானே தம்பி, நான் ஒப்பு போட்டா போதாதா?" அப்படின்னு என்கிட்ட கேட்டாங்க.

போதாது. இதுல பேங்க் பண்ணினது சரி. 2013ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டப்படி பிரைவேட் லிமிடெட்டுக்குக் குறைஞ்சது ரெண்டு டைரக்டர் வேணும். போர்டு கூட்டத்துக்கும் குறைஞ்சது ரெண்டு பேர் இருக்கணும். ஒருத்தரா உக்காந்து தீர்மானம் போட்டா அது போர்டு தீர்மானம் இல்ல, வெறும் கடுதாசி. ஆனா அதே சட்டம் 174ஆம் பிரிவுல ஒரு வாசலைத் திறந்து வச்சிருக்கு. ஆள் குறைஞ்சு போச்சுன்னா மிச்சம் இருக்கிற டைரக்டர் ரெண்டே காரியம் செய்யலாம். ஒண்ணு, தேவையான எண்ணிக்கை வர்ற வரைக்கும் டைரக்டரைச் சேர்க்கலாம். இல்லன்னா பங்குதாரர் கூட்டத்தைக் கூட்டலாம். வேற எதுக்கும் அதிகாரம் கிடையாது. பேங்க் தீர்மானம் அந்த "வேற எதுக்கும்"ல விழுந்துடுது.

ஆக வரிசை இதுதான். முதல்ல அக்கா தனியா மகனைக் கூடுதல் டைரக்டரா நியமிக்கணும், கம்பெனி விதிகள்ல அதுக்கு இடம் இருந்தா. பிறகு ரெண்டு பேருமா முறைப்படி ஏழு நாள் நோட்டீஸ் விட்டு போர்டு கூட்டம் போட்டு, அதுல பேங்க் தீர்மானம் எழுதணும். அண்ணன் விலகினதையும் மகன் சேர்ந்ததையும் 30 நாளுக்குள்ள `DIR-12` படிவத்துல கம்பெனிப் பதிவாளருக்குத் தெரிவிக்கணும். இதை ஏன் உடனே செய்யணும்னா, பேங்க்காரங்க நம்ம காகிதத்தை மட்டும் பார்க்கறதில்ல. மத்திய அரசு கம்பெனி விவகார அமைச்சகத்தோட தளத்துல போய் டைரக்டர் யார் யார்னு பார்ப்பாங்க. அங்க செத்தவர் பேர் இருந்து மகன் பேர் இல்லன்னா, நம்ம தீர்மானம் எவ்வளவு அழகா இருந்தாலும் மேசையிலதான் கிடக்கும்.

அக்காவுக்கு நாள் போனதும் இங்கதான். படிவத்துல போட வேண்டிய டிஜிட்டல் கையெழுத்து அவங்களுக்குக் காலாவதி ஆகிக் கிடந்தது. மகனுக்கு டைரக்டர் எண்ணும் புதுசா வாங்கணும், டிஜிட்டல் கையெழுத்தும் வாங்கணும். எல்லாம் முடிய ஏறக்குறைய அஞ்சு வாரம். அதுவரைக்கும் கணக்குல பணம் வந்து விழும், எடுக்கத்தான் முடியாது. சம்பளத்தை அக்கா தன் சொந்தச் சேமிப்புல இருந்து கொடுத்து, டைரக்டர் கம்பெனிக்குக் கொடுத்த கடன்னு கணக்குல எழுத வச்சாங்க.

இனி பேங்க்குக்கு விழ வேண்டிய திட்டு. ரெண்டாவது தடவை போனப்ப வாரிசுச் சான்றிதழ் கேட்டாங்க. மூணாவது தடவை, "பழைய ஆளோட சம்மதக் கடிதம் வேணும்" அப்படின்னாங்க. பழைய ஆள் சுடுகாட்டுக்குப் போயாச்சே சாரே! அந்தப் பணம் அண்ணனோடது இல்ல, கம்பெனியோடது. அண்ணன் செத்தா அவரோட பங்குகள் வாரிசுக்குப் போகும், அதுக்கு வாரிசுச் சான்று கேக்க வேண்டியது கம்பெனி. பிற்பாடு பத்து சதவீதத்துக்கு மேல பங்கு யார் கையில இருக்குன்னு பேங்க் கேட்டா அதுவும் நியாயம். ஆனா செக்குல யார் ஒப்பு போடணும்ங்கறதைத் தீர்மானிக்கிறது போர்டு மட்டும்தான். ரிசர்வ் வங்கியோட கே.ஒய்.சி. விதிகள் கம்பெனிக் கணக்குக்குக் கேக்குறதும் போர்டு தீர்மானம், கம்பெனியோட பான், பதிவுச் சான்று, கையெழுத்துப் போடுறவங்களோட அடையாளம் இந்த மாதிரிதான். அதுல வாரிசுச் சான்று இல்ல. உயிரோட இருந்து ராஜினாமா செஞ்சவரா இருந்தாலும் சம்மதக் கடிதம் தேவையில்ல. கோபத்துல பிரிஞ்சு போனவர் சம்மதம் கொடுக்காம கம்பெனியையே முடக்கிடலாமே!

வேணும்ங்கறதை முதல் நாளே ஒரு காகிதத்துல எழுதிக் கொடுங்கன்னு கேட்டா என்ன குறைஞ்சுடும்? அக்கா நாலாவது தடவை எழுத்துல கேட்டாங்க. எழுதிக் கொடுத்த பட்டியல்ல வாரிசுச் சான்றும் இல்ல, சம்மதக் கடிதமும் இல்ல. வாயால சொன்னது பேனா முனைக்கு வந்ததும் காணாமப் போச்சு :)

இதுக்கு நடுவுல சொந்தக்காரர் ஒருத்தர், "அண்ணன் போன் இருக்கே, ஓ.டி.பி. அதுலதானே வரும், சம்பளத்தை நெட்ல போட்டுவிடு" அப்படின்னு சொன்னாராம். இந்த யோசனை நிறைய வீட்ல நடக்குது. கம்பெனிக்காக ஒப்பு போடுறவர் கம்பெனியோட ஏஜென்ட் மாதிரி, அவர் செத்ததும் அந்த அதிகாரமும் முடிஞ்சுடுது. அதுக்குப் பிறகு அவர் பேர்ல அனுப்புற ஒவ்வொரு ரூபாயும் அதிகாரம் இல்லாம அனுப்பினதுதான். பின்னால பங்காளிச் சண்டை வந்தா முதல்ல எடுத்துக் காட்டுறதும் அந்த ஸ்டேட்மென்ட்தான். நெட் பேங்க்கிங்கை மாத்த பெரும்பாலும் தனிப் படிவம் இருக்கும். தீர்மானத்துலயே அதையும் ஒரு வரி சேர்த்துடணும்.

அடுத்தது, அண்ணன் உயிரோட இருக்கும்போதே ரெண்டு பேருமா ஒப்பு போட்டு, பின்தேதி போட்டு கதம்பை வியாபாரிகிட்ட கொடுத்திருந்த செக்குகள். "ஒப்பு மாறிப் போச்சு, திரும்பினா திரும்பட்டும்" அப்படின்னு விட முடியாது. 2012ல லக்ஷ்மி டைகெம் வழக்குல உச்ச நீதிமன்றம் பார்த்தது இதே விவகாரம். செக் கொடுத்த கம்பெனி, கையெழுத்துப் போடுறவங்களை மாத்தினதால செக்குகள் திரும்பிச்சு. பணம் இல்லாம திரும்பல, ஒப்பு பொருந்தாமத்தான் திரும்பிச்சு, அதனால 138ஆம் பிரிவு வராதுன்னு வாதம். வரும்னு தீர்ப்பு. வியாபாரி நோட்டீஸ் அனுப்பினா, அது கையில கிடைச்ச 15 நாளுக்குள்ள பணம் போய்ச் சேரணும். அக்கா காத்திருக்கல. வியாபாரிகளைத் தானே கூப்பிட்டு, பழைய செக்கைத் திருப்பி வாங்கி, புது ஒப்பு வந்ததும் புதுச் செக் தர்றேன்னு எழுதிக் கொடுத்தாங்க.

புதுத் தீர்மானத்துல அக்கா எழுத வச்சது: ஒரு லட்சம் வரைக்கும் ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர், அதுக்கு மேல ரெண்டு பேரும். பழைய தீர்மானம் ரத்துன்னும் ஒரு வரி. என்னைக் கேட்டா, ரெண்டு டைரக்டர் கம்பெனிகள் "சேர்ந்து மட்டும்" அப்படின்னு எழுதி வைக்கிறதை இன்னைக்கே போய் மாத்தணும், ரெண்டு பேரும் நல்லா இருக்கும்போதே. நம்பிக்கை இல்லாத கூட்டாளின்னா தொகை வரம்பைச் சின்னதா வச்சுக்கலாம்.

மாத்தியாச்சுன்னு கிளையில வாயால சொன்னதையும் அக்கா நம்பல. இப்பல்லாம் செக் போகாது, அதோட படம்தான் போகும். கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்ச ஒப்போடதான் ஒத்துப் பார்ப்பாங்க, அங்க பழைய ஒப்பே கிடக்கலாம். மகன் பேருக்கு 500 ரூபாய்க்கு ஒரு செக் எழுதி, வேற பேங்க்ல போட வச்சு, அது பாஸ் ஆனதும்தான் கதம்பை வியாபாரிக்குச் செக் எழுதினாங்க.