போட்டிக்கு ஒரு பெயர் போதும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் கிடக்கும். அந்த 61 நாள் தடைக்காலத்தில் தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் வரை இளைஞர்களுக்குக் கையில் நேரம் இருக்கிறது. பள்ளிகளும் விடுமுறையில் இருக்கின்றன. ஊர்ப் போட்டி நடத்த இதைவிடத் தோதான பருவம் இல்லை. போட்டியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நோட்டீஸின் தலைப்பைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

தலைப்பு பெரும்பாலும் இப்படி அமைகிறது: அமரர் இன்னாரின் மூன்றாம் ஆண்டு நினைவாக, இன்ன ஐஸ் ஆலை, இன்ன நகை மாளிகை, இன்ன மீன் ஏற்றுமதி நிறுவனம், வளைகுடா வாழ் நண்பர்கள் இணைந்து வழங்கும், இன்ன இளைஞர் மன்றத்தின் மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி. ஊர்ப் பெயர் எங்கே என்று தேடினால் கீழ் மூலையில் ‘இடம்’ என்பதற்கு எதிரே இருக்கும். மைக் பிடிப்பவர் இதைக் காலையில் ஒருமுறை மூச்சு வாங்கப் படிப்பார். மாலைக்குள் அது ‘நம்ம ஊர் கபடி’ ஆகிவிடும். முடிவுச் செய்தி பத்திரிகைக்கு வரும்போது, ஊர்ப் பெயரையும் ஆட்டத்தின் பெயரையும் வைத்துக்கொண்டு மற்றதை நாங்களும் வெட்டிவிடுகிறோம். இடம் இல்லை. ஆக, முதலில் காணாமல் போவது யாருடைய பெயர்? பணம் கொடுத்தவருடையதுதான். நன்றி சொல்வதற்காக நீட்டப்பட்ட தலைப்பு, நன்றியையே உதிர்த்துவிடுகிறது.

அடுத்த ஆண்டு ஐஸ் ஆலை விலகிக்கொள்ளும், வேறு இருவர் வருவார்கள். தலைப்பு மாறும். தலைப்பு மாறினால் ‘ஐந்தாம் ஆண்டு’ என்று போடுவதா, மறுபடி ‘முதலாம் ஆண்டு’ என்று போடுவதா என்று கமிட்டிக்குள் வாக்குவாதம் எழும். சுழற்கோப்பையின் நெஞ்சில் பழைய உபயதாரரின் பெயர் வெட்டப்பட்டிருக்கும். அதன்மேல் புதியவரின் ஸ்டிக்கரை ஒட்டுவார்கள். பழையவர் ஊருக்குள் அதைப் பார்ப்பார். மூன்று ஆண்டு கழித்து அவரிடம் மறுபடி நன்கொடை கேட்டுப் போக முடியுமா?

நம் நிலைப்பாடு இதுதான்: தலைப்பில் ஊரும் ஆட்டமும் கோப்பையும் மட்டும் இருக்கட்டும். ‘பாம்பன் கபடிக் கோப்பை, 5ஆம் ஆண்டு’ என்றால் போதும். கடலில் போனவர் ஒருவரின் நினைவாகவோ, ஊருக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்த ஆசிரியரின் நினைவாகவோ போட்டி தொடங்கியிருந்தால் அந்த ஒரு பெயரைச் சேர்க்கலாம். அதற்குமேல் ஒரு பெயரும் வேண்டாம். ‘மாபெரும்’ என்பதும் தேவையில்லை.

இது வெளியிலிருந்து கற்க வேண்டிய ஒழுங்கு அல்ல. கோயில் திருவிழாவில் மண்டகப்படி இப்படித்தான் நடக்கிறது. திருவிழாவுக்கு ஒரே பெயர், அது மாறுவதில்லை. முதல் நாள் ஒரு குடும்பத்தார், இரண்டாம் நாள் ஒரு வணிகர் சங்கம் என்று ஒவ்வொரு நாளுக்கும் ஒருவர் பொறுப்பு. அழைப்பிதழில் அந்த நாளுக்கு எதிரே அவர் பெயர் இருக்கும். மரியாதையும் அன்று அவருக்கே. திருவிழாவின் தலைப்பில் தன் பெயர் இல்லையே என்று எந்த மண்டகப்படிக்காரரும் வருந்துவதில்லை. கொடுத்த பொருளுக்கு எதிரே பெயர் நிற்பதுதான் முறை என்று அவருக்குத் தெரியும்.

இந்தியாவின் முதன்மையான உள்நாட்டுக் கிரிக்கெட் போட்டியும் அப்படிப்பட்ட ஒரு பெருந்தன்மையில் பிறந்ததுதான். 1934இல் தொடங்கிய ரஞ்சிக் கோப்பையை வழங்கியவர் பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங். கோப்பை தாங்குவதோ முந்தைய ஆண்டு மறைந்த ரஞ்சித்சிங்ஜியின் பெயரை. அண்மைக் காலத்தில் வங்கிகளும் நிறுவனங்களும் பணம் கட்டி அந்தப் பெயருக்கு முன்னால் தங்கள் பெயரை ஒட்டிக்கொள்கின்றன. ஆனால் ரசிகர் வாயில் ரஞ்சி மட்டும்தான் நிற்கிறது. ஐ.பி.எல். கதையும் அதேதான். 2008இல் டி.எல்.எஃப்., பிறகு பெப்சி, விவோ, ட்ரீம் 11, 2022 முதல் டாடா. கோடிகளைக் கொட்டியவர்களின் பெயரையே மக்கள் சொல்லாமல் விடும்போது, முதல் பரிசுத் தொகை கொடுத்தவரின் பெயரைத் தலைப்பில் நுழைத்து நிலைநிறுத்த முடியும் என்று நம்புவது வீண்.

இங்கிலாந்தின் லீக் கோப்பைக்கு 1982இல் ‘மில்க் கோப்பை’ என்று பெயர் வந்தது. அதன்பின் உபயதாரர் மாறும்போதெல்லாம் பெயரும் மாறி, இப்போது ‘கராபோ கோப்பை’. அதே நாட்டின் எஃப்.ஏ. கோப்பை 1871இலிருந்து அதே பெயரில் இருக்கிறது. அதற்கும் பணம் வந்தது. ஆனால் நெடுங்காலம் ‘இன்னார் ஆதரவில்’ என்றுதான் நன்றி சொன்னார்கள். போட்டியின் பெயரிலேயே ஒரு நிறுவனத்தை ஏற்றியது 2015இல்தான்.

விதிவிலக்கும் உண்டு. சென்னையில் 1901இல் தொடங்கிய எம்.சி.சி. ஹாக்கிப் போட்டி இன்று எம்.சி.சி.–முருகப்பா தங்கக் கோப்பை என்று வழங்குகிறது. அங்கே சேர்ந்தது ஒரே பெயர். அதுவும் ஆண்டுதோறும் மாறும் பெயர் அல்ல. நம் ஊரிலும் ஒருவர் போட்டிக்கென்று வைப்புநிதி போட்டு, அதன் வட்டியில் ஆண்டுதோறும் நடத்திக்கொள்ளுங்கள் என்றால் அவர் பெயரைத் தலைப்பில் சேர்ப்பது நியாயம். ஓராண்டுப் பணத்துக்கு நிரந்தரப் பெயர் தருவது நியாயமல்ல.

அப்படியானால் ஓராண்டு உபயதாரருக்கு என்ன தருவது? நிறையவே தரலாம். சுழற்கோப்பையின் உடலில் போட்டியின் பெயர் மட்டும் பொறிக்கப்படட்டும். கோப்பையை வாங்கிக் கொடுத்தவரின் பெயர் மரப்பீடத்தின் முன்புறம், வாங்கிய ஆண்டோடு, ஒரே முறை. அதை யாரும் மறைக்கக் கூடாது. பீடத்தைச் சுற்றி ஆண்டுக்கு ஒரு சிறு தகட்டில் வென்ற அணியின் பெயர். அணி வீட்டுக்குக் கொண்டுபோகும் சிறிய கோப்பையில்தான் அந்த ஆண்டின் பரிசு உபயதாரர் பெயர் வர வேண்டும். அது அந்த ஆண்டோடு முடிகிற பொருள் என்பதால் அடுத்த ஆண்டு அழிக்கவோ ஒட்டவோ ஒன்றுமில்லை.

நோட்டீஸில் தலைப்புக்குக் கீழே ஒவ்வொரு பரிசுக்கும் நேராக அதைக் கொடுத்தவர்: முதல் பரிசு இன்னார், இரண்டாம் பரிசு இன்னார், விளக்கும் ஜெனரேட்டரும் இன்னார், நடுவர் ஊதியம் இன்னார், வெளியூர் அணிகளுக்குச் சாப்பாடு இன்னார். தொகை சமமாக இருந்தால் அகர வரிசை, சண்டைக்கு இடமில்லை. தன் தந்தையின் பெயர் வர வேண்டும் என்று கேட்பவருக்குச் சிறந்த ரைடர் விருதையோ தொடர் நாயகன் விருதையோ அந்தப் பெயரில் கொடுக்கலாம். இடைவேளையில் மைக்கில் இரண்டே பெயரை நிறுத்திச் சொன்னால் கூட்டத்தின் காதில் விழும். பன்னிரண்டு பெயரை அடுக்கினால் ஒன்றும் விழாது. பரிசைக் கொடுத்தவரே மேடையேறி அதை வழங்கட்டும்; கட்சிக்காரர் கையில் கொடுத்து அவரைக் கீழே நிற்க வைக்க வேண்டாம்.

தலைப்பில் போடாவிட்டால் பணம் வராது என்று கமிட்டிக்காரர்கள் சொல்வார்கள். சிலர் விலகவும் கூடும். ஆனால் தலைப்பை விற்கும் கமிட்டி, ஆண்டுதோறும் அதை முதலிலிருந்து விற்க வேண்டியிருக்கிறது. ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவருக்கு மனத்தாங்கல். விற்பனைக்கில்லை என்று எல்லோரிடமும் ஒரே மாதிரி சொல்லிவிட்டால் அந்தப் பேச்சே எழாது. இந்த மாவட்டத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. சாதி அடையாளமோ கட்சி அடையாளமோ தலைப்பில் ஏறிவிட்டால் பக்கத்து ஊர் அணி வரத் தயங்கும். காவல் நிலையத்தில் அனுமதியும் சிக்கலாகும். ஊர்ப் பெயர் மட்டும் உள்ள தலைப்பில் அந்த வாசல் திறப்பதே இல்லை.

கமிட்டிகள் இதைத் தீர்மானமாக எழுதி, நன்கொடை ரசீதின் பின்புறம் அச்சிடட்டும்: போட்டியின் பெயர் மாறாது, கொடுத்த பொருளுக்கு எதிரே பெயர் வரும், உபயம் ஓராண்டுக்கு மட்டும், அடுத்த ஆண்டு தொடர விரும்பினால் முதல் வாய்ப்பு இவருக்கே. பணம் வாங்கும் முன்பே அந்த ரசீதைக் காட்டிவிட வேண்டும்.