வட்டி தெரியுது, தேதி எங்கே?

போன செமஸ்டர் ஹேக்கத்தானுக்கு எங்க டீம் விவசாயிகளுக்காக ஒரு ஆப் செஞ்சோம். ஊர், நிலத்தோட அளவு, பயிர், இந்த மூணையும் கொடுத்தா எங்கெல்லாம் கடன் கிடைக்கும், எவ்வளவு வட்டின்னு ஒரு டேபிளா காட்டும். வட்டி குறைவா இருக்கிறது மேல வரும், கூடுதலா இருக்கிறது கீழே போகும். கூட்டுறவு சங்கம் முதல் வரிசை, வட்டிக்கடைக்காரர் கடைசி வரிசை. எங்களுக்கு ஆறுதல் பரிசும் கிடைச்சுது.

பொங்கல் லீவுக்கு மன்னார்குடி பக்கம் ஊருக்குப் போனப்போ அதைப் பெரியப்பாகிட்ட காட்டினேன். பொறுமையா பார்த்தவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "வட்டி போட்டிருக்க தம்பி, சரி. பணம் என்னிக்குக் கைக்கு வரும்னு எங்க போட்டிருக்க?"

அப்படி ஒரு காலமே எங்க டேபிள்ல கிடையாது. "ஏன் இன்னும் விவசாயி வட்டிக்காரன்கிட்ட போறான்?" என்ற கேள்விக்கு நம்மள்ல பலரும் "விவரம் தெரியாததால" என்று பதில் வெச்சிருக்கோம். அது தப்புன்னு சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அவர் கணக்குப் போட்டுத்தான் போறார். என்ன, அந்தக் கணக்கு சதவீதத்துல ஓடுறதில்லை, தேதியில ஓடுது.

முதல்ல ஒரு விஷயத்தை ஒப்புக்கணும். வங்கியும் சங்கமும் கிராமத்துக்கு வரவே இல்லைன்னு சொல்ல முடியாது. 1951-52ல ரிசர்வ் வங்கி எடுத்த கிராமக் கடன் கணக்கெடுப்புல, அரசு, கூட்டுறவு, வங்கி மூணும் சேர்ந்து கொடுத்த கடன் சுமார் 7 சதவீதம்தான். 2019ல தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு விவசாயக் குடும்பங்களோட கடனைப் பார்த்தப்போ, அந்தப் பங்கு 70 சதவீதத்தைத் தொட்டிருந்துச்சு. இருந்தாலும் ஐந்துல ஒரு பங்கு கடன் இன்னும் வட்டிக்கு விடுறவங்ககிட்டதான் இருக்கு. அந்த ஒரு பங்கு ஏன் கரையவே மாட்டேங்குது?

பெரியப்பாவோட ஒரு சம்பா சீசனை எடுத்துக்குவோம். எண்களைக் கணக்குக்கு வசதியா முழுசாக்கியிருக்கேன். சொந்த நிலம் ஒரு ஏக்கர், குத்தகை நிலம் ஒரு ஏக்கர். உழவு, நடவு, உரம், களை, அறுவடை எல்லாம் சேர்த்து ஏக்கருக்கு 30,000 ரூபாய் செலவு. ஆக மொத்தம் 60,000 தேவை.

சங்கம் பயிர்க்கடன் கொடுக்கும். எந்தப் பயிருக்கு ஏக்கருக்கு எவ்வளவுன்னு மாவட்ட அளவுல ஒரு குழு தொகை நிர்ணயிக்கும். அதுல ஒரு பகுதி பணமாவும் ஒரு பகுதி உரமாவும் வரும். வட்டி 7 சதவீதம். ஆனா கெடு தேதிக்குள்ள திருப்பிக் கட்டிட்டா தமிழ்நாட்டுல கூட்டுறவுப் பயிர்க்கடனுக்கு வட்டியே இல்லை, அதை அரசு ஏத்துக்குது. இதைவிட மலிவான பணம் உலகத்துல எங்கேயும் கிடைக்காது. ஆனா பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாம் பெரியப்பா பேர்ல இருக்கிறது அந்த ஒரு ஏக்கருக்கு மட்டும்தான். குத்தகை ஏக்கருக்கு எழுத்து எதுவும் கிடையாது. எழுதிக் கொடுத்தா நாளைக்கு உரிமை கேட்பாங்களோன்னு நிலத்துக்காரருக்குப் பயம். அதனால 60,000 தேவைப்படுற ஆளுக்கு சங்கத்துல கிடைக்கிறது 30,000தான்.

இப்போ தேதிக்கு வருவோம். ஆகஸ்ட் தொடக்கத்துலயே மனு கொடுத்தாச்சு. ஆகஸ்ட் 25ல நாத்து விட்டாச்சு. நடுத்தர வயது ரகத்துக்கு 25லேர்ந்து 30 நாளுக்குள்ள நாத்தைப் பறிச்சு நட்டுடணும். அதாவது செப்டம்பர் 20 வாக்குல உழவுக்கும் நடவுக் கூலிக்கும் கையில 20,000 இருக்கணும். ஆனா சங்கத்துல பணம் வந்தது அக்டோபர் 12. யாரும் வேணும்னு இழுத்தடிக்கலை. வி.ஏ.ஓ. கையெழுத்து, வேற எங்கேயும் பாக்கி இல்லைங்கிற சான்று, நிதி ஒதுக்கீடுன்னு ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு நின்னா மூணு வாரம் சாதாரணமா போயிடும்.

காத்திருந்தா என்ன ஆகும்? வயசான நாத்தை நட்டா தூர் சரியா கட்டாது. ஏக்கருக்கு 60 கிலோ மூட்டையா 30 மூட்டை வர்ற இடத்துல 3 மூட்டை குறையுதுன்னு வெச்சுக்குவோம். ரெண்டு ஏக்கருக்கு 6 மூட்டை, அதாவது 360 கிலோ. கிலோ 24 ரூபாய்னா நஷ்டம் 8,640 ரூபாய். அதே 20,000ஐ ஊர்ல மூணு வட்டிக்கு வாங்கினா, நூத்துக்கு மாசம் மூணு ரூபாய், ஆக மாசம் 600. தை அறுவடை முடிஞ்சு பிப்ரவரி 20ல திருப்பிக் கொடுத்தா அஞ்சு மாச வட்டி 3,000.

வருஷக் கணக்குல பார்த்தா 36 சதவீதம், நம்ம ஆப்ல கடைசி வரிசை. ஆனா அந்த 3,000த்தை மிச்சம் பிடிக்கக் காத்திருந்தா 8,640 போகுது. நெட்வொர்க் படிக்கிறவங்களுக்குச் சொன்னா, சங்கத்துல பேண்ட்வித் நல்லா இருக்கு, லேட்டன்சிதான் தாங்கலை.

நகைக் கடன் இருக்கேன்னு கேட்கலாம். இருக்கு. வங்கி ஒரே நாள்ல கொடுக்கிற கடன் அது, பெரியப்பாவும் முதல்ல அங்கதான் போவார். அந்த வருஷம் பெரியம்மாவோட செயின் ஏற்கெனவே வங்கி லாக்கர்ல அடமானமா தூங்கிட்டிருந்துச்சு. நகை இருக்கிறவரைக்கும் அது வழி, அதுக்கப்புறம் ஊர்தான்.

ரெண்டாவது விஷயம்தான் எனக்குப் புதுசா இருந்தது. வட்டிக்காரரும் சங்கமும் எதிரெதிர்னு நாம நினைக்கிறோம். நடைமுறையில ஒருத்தரோட பணம் இன்னொருத்தரோட கடனை அடைக்குது.

சங்கத்துப் பணம் அக்டோபர் 12ல வந்ததால, ஒரு வருஷக் கெடுவும் அடுத்த அக்டோபர் 12லதான் முடியுது. நெல் வித்த காசு வர்றது பிப்ரவரியில. அப்போ எந்தக் கடனை முதல்ல அடைப்பீங்க? மாசம் 600 ஓடுற கடனையா, அக்டோபர் வரைக்கும் ஒரு பைசா வட்டி இல்லாத கடனையா? பெரியப்பா மூணு வட்டியை அடைச்சார், குத்தகையை அளந்தார், செயினை மீட்டார், அக்காவுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டினார். ஒவ்வொண்ணும் சரியான முடிவுதான். ஆனா அக்டோபர்ல கெடு வந்து நிக்கிறப்போ அடுத்த நடவும் நடந்துட்டிருக்கு. கை காலி.

தவறினா வட்டிச் சலுகை போயிடும். 30,000க்கு 7 சதவீதம், அதாவது 2,100 ரூபாய், அதுக்கு மேல தாமத வட்டி. அதைவிடப் பெரிய விஷயம், அடுத்த வருஷக் கடனும் நின்னுடும். அதனால அதே வட்டிக்காரர்கிட்ட 30,000 புரட்டி சங்கத்துல கட்டுவார். பத்து நாள் கழிச்சு புதுக் கடன் வந்ததும் திருப்பிக் கொடுப்பார். பத்து நாளானாலும் ஊர்ல ஒரு மாசக் கணக்குதான், 900 ரூபாய். அதாவது வட்டியில்லாக் கடனோட நிஜமான வட்டி வருஷத்துக்கு 3 சதவீதம். அந்த வட்டி போற இடம்தான் வேற. புதுக் கடன் மூணு மாசம் இழுத்துட்டா அது 2,700 ஆயிடும், மிச்சம் பிடிச்ச 2,100ஐ அது தாண்டிடும். சலுகை லாபமா நஷ்டமான்னு முடிவு பண்றது சங்கம் திரும்பக் கொடுக்கிற வேகம்தான்.

இதையெல்லாம் படிச்சுட்டு வட்டிக்கு விடுறவங்களுக்கு நான் வக்காலத்து வாங்குறேன்னு நினைக்க வேண்டாம். அந்தப் பக்கம் எங்க குழி இருக்குன்னும் பெரியப்பாவுக்குத் தெரியும். ரெண்டு இடம் சொன்னார்.

ஒண்ணு, "வட்டியே வேண்டாம், நெல்லை எனக்கே போடு"ன்னு முன்பணம் கொடுக்கிற வியாபாரி. நேரடி கொள்முதல் நிலைய விலையைவிடக் கிலோவுக்கு 3 ரூபாய் குறைச்சு 30 மூட்டை எடுத்தார்னா, 1,800 கிலோவுக்கு 5,400 ரூபாய் போச்சு. 20,000 முன்பணத்துக்கு அஞ்சு மாசத்துல 5,400. அது அஞ்சு வட்டிக்கும் மேல. பேர்தான் வட்டியில்லாக் கடன்.

ரெண்டாவது, அறுவடை தாண்டியும் நிக்கிற கடன். 20,000க்கு மூணு வட்டின்னா ஒரு வருஷத்துல வட்டி 7,200. கட்ட முடியலைன்னா அதையும் அசல்ல சேர்த்து 27,200க்குப் புதுசா புரோநோட்டு எழுதுவாங்க. அடுத்த வருஷம் அது 36,992. ரெண்டே வருஷத்துல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. "நோட்டு மாத்தச் சொன்னா அன்னிக்கே செயினை வித்துடணும்"ங்கிறது பெரியப்பாவோட விதி. அஞ்சு மாசத்துக்கு 36 சதவீதம் தாங்கும், ரெண்டு வருஷத்துக்குத் தாங்காது.

அப்போ என்னதான் மாறணும்? வட்டியை இன்னும் குறைக்கிறதுல பிரயோஜனம் இல்லை, பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாதே. என் கருத்துப்படி மூணு விஷயம் இருக்கு. போன வருஷம் ஒழுங்கா கட்டின ஆளுக்கு, நாத்து விடுற வாரத்துலயே பணம் வந்துடணும். வருஷா வருஷம் மாறாத பட்டாவை மறுபடி மறுபடி சரிபார்க்க மூணு வாரம் எதுக்கு? அடுத்தது, கெடு தேதியைக் கடன் வாங்கின நாள்லேர்ந்து எண்ணாம அறுவடையிலேர்ந்து எண்ணணும். பிப்ரவரி, மார்ச்ல கொஞ்சம் கொஞ்சமா கட்டினதை அடுத்த சம்பாவுக்கு அப்படியே திரும்ப எடுக்கலாம்னா, புரட்டுற வேலையே இருக்காது. மூணாவதுதான் கஷ்டமானது, குத்தகை ஏக்கர். நிலத்துக்காரரோட பயத்தைத் தீர்க்காம அந்த ஏக்கருக்கு வங்கிப் பணம் வராது. ஒரு சீசனுக்கு மட்டும், இந்தப் பயிரை இவர்தான் செய்யறார்னு சொல்ற, நில உரிமையைத் தொடாத ஒரு சான்று இருந்தா பாதி வழி திறக்கும்.

லீவு முடிஞ்சு வந்ததும் ஆப்ல ஒரு புதுக் காலம் சேர்த்தோம்: "மனு கொடுத்து எத்தனை நாள்ல பணம்?" அதை நிரப்ப எந்த வெப்சைட்லயும் டேட்டா இல்லை. ஒவ்வொரு சங்கத்துலயும் போன சீசன்ல கடன் வாங்கினவங்களைக் கேட்டுத்தான் நிரப்பணும். இதுவரைக்கும் எங்க ஊர் வரிசை மட்டும் நிரம்பியிருக்கு. அங்க 70 நாள்னு இருக்கு.