விருந்தினரின் முதற்சொல்

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும் மலை இரயில் 2005ஆம் ஆண்டு உலக மரபுச் சின்னங்களின் வரிசையில் இடம்பெற்றது. பற்சக்கரத்தின் துணைகொண்டு செங்குத்தான மலைமீது ஏறும் அவ்வண்டியிற் செல்வதற்காக வெளிநாட்டார் பலர் கோயம்புத்தூர் வழியாக வருகின்றனர். ஆனைமலைக் காடுகளைக் காண விரும்புவோர் பொள்ளாச்சியைக் கடந்து டாப்சிலிப்புக்கும் வால்பாறைக்கும் செல்கின்றனர். இவர்களிற் சிலர் தம் ஊரிலிருந்து புறப்படுமுன்னரே நான்கைந்து தமிழ்ச் சொற்களைக் கற்று, ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்கின்றனர். ‘வணக்கம்’, ‘நன்றி’, ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்பன அவற்றுள் முதன்மையானவை. இச்சொற்கள் இரண்டாம் நாளும் அவர்கள் நாவில் நிற்குமா, முதல் நாளிலேயே குறிப்பேட்டுக்குள் அடங்கிவிடுமா என்பது அவர்களுடைய நினைவாற்றலை மட்டும் பொறுத்ததன்று. கேட்பவர் என்ன மறுமொழி தருகிறார் என்பதையே அது பெரிதும் பொறுத்தது.

கொங்கு நாட்டில் ஒருவரை வரவேற்கும் முறை யாது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். வீட்டு வாயிலில் விருந்தினர் கால் வைத்தவுடன் வீட்டார், “வாங்க” என்கின்றனர். தலைவர் ஒருவர் சொல்லிவிட்டால் போதாது. மனைவியும், மக்களும், திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டியும் தனித்தனியே சொல்லுதல் வேண்டும். இதனை அப்பகுதி மக்கள் ‘வாங்கன்னு கேட்பது’ என்று கூறுவர். திருமண வீட்டில் யாரேனும் ஒருவர் இவ்வாறு கேட்க மறந்துவிட்டால், “வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலையே” என்ற மனத்தாங்கல் பல நாள் நிலைத்து நிற்கும். ஆகவே, இங்கு முகமன் கூறும் கடமை பெரும்பாலும் வீட்டாருடையது. வந்தவர் கைகூப்பி, “வணக்கமுங்க” என்றால் அதுவே நிறைவான விடையாகும்.

‘வணக்கம்’ என்பதற்கும் ‘வணக்கமுங்க’ என்பதற்கும் உள்ள வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். எனினும், கொங்குத் தமிழின் பண்பு முழுவதும் அவ்விறுதி ஒலியிலேதான் அடங்கியுள்ளது. ‘வாருங்கள்’ என்னும் சொல் பேச்சில் ‘வாங்க’ என்றாயிற்று. பிற பகுதிகளில் அம்மரியாதை ஒலி பெரும்பாலும் ஏவல் வினையோடு நின்றது. கொங்கு நாட்டிலோ அது பெயரோடும், வினையோடும், விடைச்சொல்லோடும் தாராளமாக ஒட்டிக்கொண்டது. ‘ஆமாங்க’, ‘இல்லீங்க’, ‘சரிங்க’, ‘ஒண்ணுங்க’ என்று எதனையும் அவ்வொலியால் முடிக்கலாம். வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுவோர் பலர் கோவையில் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர்; அவர்களும் கடைவீதியில் தமிழ் பேசும்போது இவ்வொலியைச் சேர்த்தே பேசுகின்றனர்.

சில வேளைகளில் இறுதி அகரமும் தேய்ந்து, ‘வாங்’, ‘சொல்லுங்’, ‘சரிங்’ என மெய்யெழுத்தே ஈறாக நிற்கும். இது இலக்கண மாணவருக்கு வியப்பளிப்பதாகும். தமிழ்ச் சொற்களின் இறுதியில் நிற்கும் மெய்களை நன்னூல் வகுத்துக் கூறுகிறது. அவற்றுள் ஙகர மெய் இல்லை. அந்நூலை இயற்றிய பவணந்தி முனிவர் கொங்கு நாட்டுச் சீனாபுரத்தைச் சார்ந்தவர் என்று கூறுவர். நூலில் இடம்பெறாத ஈறு அவர் நாட்டு மக்களின் நாவில் இன்று நாள்தோறும் ஒலிக்கின்றது! மேலும், ஆங்கிலத்தில் ஙகர ஒலியில் முடியும் சொற்கள் எண்ணிறந்தவை. ஆதலால், ழகரத்தையும் ணகரத்தையும் ஒலிக்கத் திணறும் வெளிநாட்டார்க்கு இந்த ஈறு எளிதாகவே வந்துவிடும்.

குறிப்பேட்டுச் சொற்கள் வேறு வகையில் இடர்ப்படுத்துவதும் உண்டு. அவை பெரும்பாலும் நூல்நடையில் எழுதப்பட்டவை. ஒருவர் சந்தையில் நின்று, “நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?” என்று எழுத்துப் பிசகாமல் கேட்டால், கேட்போர்க்கு மேடைப்பேச்சு நினைவிற்கு வருகின்றது, அதனால் புன்னகை அரும்புகின்றது. அப்புன்னகை இகழ்ச்சியன்று. “நல்லா இருக்கீங்களா?” என்று அவர் கேட்டிருந்தால் எவரும் சிரித்திருக்கமாட்டார்.

‘நன்றி’ என்பதும் அத்தகையதே. உணவு படைத்தவரிடம் அச்சொல்லைக் கூறுவது பிழையன்று. ஆயினும் அது வீட்டில் வழங்கும் சொல்லன்று. இலையில் அமர்ந்தவர் “நல்லா இருக்குதுங்க” என்று சொன்னால் படைத்தவர் முகம் மலரும். உடனே மற்றொரு கரண்டி சோறு இலையில் விழும் என்பதால், “போதுமுங்க” என்னும் சொல்லையும் உடன் கற்றிருத்தல் நன்று. விடைபெறும்போது ‘போகிறேன்’ என்று மட்டும் கூறுவதைத் தமிழ் மக்கள் விரும்புவதில்லை. அது மீண்டும் வாராப் போக்கினை நினைவூட்டும் எனக் கருதுவர். “போயிட்டு வர்றேனுங்க” என்பதே முறை.

கேட்ட சொல்லை அப்படியே திருப்பிச் சொல்வதும் சில வேளை தவறாக முடியும். பாட்டி ஒருத்தி இளம் பயணி ஒருவரைப் பரிவோடு, “வா கண்ணு” என்று அழைக்கின்றாள் எனக் கொள்க. அதுவே இங்குள்ள முகமன் போலும் என்று எண்ணி, அவர் மறுநாள் முதியவர் ஒருவரை “வா கண்ணு” என்று விளித்தால், சுற்றியிருப்போர் வாய்விட்டுச் சிரிப்பர். மூத்தோர் இளையோரிடம் காட்டும் பரிவுச் சொல் இளையோர் வாயில் மூத்தோரை நோக்கிச் செல்லாது. இவ்வேறுபாட்டினை எந்தக் குறிப்பேடும் சொல்வதில்லை. அருகிலிருப்பவரே மெல்லச் சொல்லித் தருதல் வேண்டும்.

இனி, மேட்டுப்பாளையத்துத் தேநீர்க் கடையொன்றிற்கு அயல்நாட்டார் ஒருவர் வந்து, “வணக்கம்” என்கின்றார் எனக் கொள்க. அங்கு மூவகை மறுமொழிகள் எழக்கூடும். ஒருவர் வியப்புடன் சிரித்து, “இவர் தமிழ் பேசுறார், பாருங்க!” என்று மற்றவர்களை அழைக்கலாம். கூட்டம் சூழ்ந்து, இன்னும் சொல்லுமாறு வற்புறுத்தும். மகிழ்ச்சியால் செய்வதே எனினும், வந்தவர் தாம் வேடிக்கைப் பொருளானதாக எண்ணி நாணுவார். மற்றொருவர், வந்தவர்க்குத் தமிழ் தெரியும் என்று நம்பி, மழை, பயிர், இரயில் வரும் நேரம் ஆகிய அனைத்தையும் ஒரே மூச்சிற் கொட்டிவிடலாம். அவர் ஒன்றும் விளங்காமல் விழிப்பார். மூன்றாமவர் உடனே ஆங்கிலத்துக்கு மாறிவிடலாம். வந்தவருக்கு உதவுவதே அவர் கருத்து. ஆனால், ‘நம் தமிழ் இங்கே வேண்டப்படவில்லை’ என்றே விருந்தினர் நெஞ்சில் படும். மூவரும் நல்லெண்ணம் உடையவர்களே. எனினும், மூவரிடத்தும் விருந்தினரின் இரண்டாம் சொல் பிறவாமலே போகின்றது.

நான்காம் வழி ஒன்றுண்டு. கடைக்காரர் இயல்பாகக் கைகூப்பி, “வணக்கமுங்க. டீங்களா, காப்பிங்களா?” என்று நிறுத்திக் கேட்கின்றார். வினாவிலேயே விடை அடங்கியுள்ளது. வந்தவர் சற்றே தயங்கி, “டீங்க” என்கின்றார். “ஒண்ணுங்களா, ரண்டுங்களா?” என்று கடைக்காரர் விரல் காட்டிக் கேட்கின்றார். “ஒண்ணுங்க” என்று விடை வருகின்றது. இலக்கணம் எதுவும் கற்பிக்கப்படவில்லை. ஆயினும் கொங்குத் தமிழின் மரியாதை ஈறு அவர் நாவில் ஏறிவிட்டது. தேநீர் அருந்தி அவர் எழும்போது கடைக்காரர், “போயிட்டு வாங்க” என்கின்றார். அச்சொல்லைக் கேட்டு நினைவிற் கொண்டவர் அடுத்த கடையில் அதன் பொருளை வினவக்கூடும்.

இத்தகைய முயற்சி கேட்பவர் மனத்தை எவ்வாறு மாற்றுகிறது என்பதை அறிஞர்கள் ஆராய்ந்துள்ளனர். ஆங்கிலமும் பிரெஞ்சும் வழங்கும் கானடா நாட்டில், ஹோவர்டு கைல்ஸ் என்பவரும் அவருடைய துணைவர்களும் நிகழ்த்திய ஆய்வு 1973ஆம் ஆண்டு வெளிவந்தது. பிரெஞ்சு மொழியினர் ஒருவர் பேசிய ஒலிப்பதிவு, ஆங்கில மொழி மாணவர்களுக்குக் கேட்பிக்கப்பட்டது. தம் பொருட்டு அவர் ஆங்கிலம் பேச முயன்றார் என்று எண்ணிய மாணவர்கள் அவரை உயர்வாக மதித்தனர். அவருக்கு விடை கூற நேர்ந்தபோது, தாமும் அவர் மொழிப் பக்கம் நெருங்கிச் செல்ல முயன்றனர். அம்முயற்சியே அவர்களைக் கவர்ந்தது. தேநீர்க் கடையில் ஒரு தவறான ‘வணக்கம்’ முகங்களை மலரச் செய்வதன் காரணமும் இதுவே.

எனினும், சில சொற்களைக் கொண்டு பலவற்றை எதிர்பார்த்தல் கூடாது. “எவ்வளவுங்க?” என்று கேட்டுவிட்டதனாலேயே விலை குறைய வேண்டும் என்று எண்ணும் பயணி, முகமனை வாணிகப் பொருளாக்குகின்றார்; கடைக்காரர் அதனை விரைவில் உணர்ந்துகொள்வார். பேருந்துக்கு விரைகின்ற நடத்துநரோ, வரிசையில் பலர் காத்திருக்கச் சீட்டு வழங்குபவரோ சொற்களைப் பாராட்டி நிற்க இயலாது. அவர்கள் ஆங்கிலத்தில் சுருக்கமாக விடையளித்தால் அதனை வெறுப்பென்று கொள்வது தவறு. மேலும், முகமன் சொல்லக் கற்றவர் மக்களின் வாழ்வைக் கற்றவராகிவிடார். அவர் வாயிலில் நிற்கின்றார்; அவ்வளவே.

ஆயின், வாயிலில் நிற்பவரைக் கண்டால் “வாங்க” என்று கேட்பதன்றோ கொங்கு நாட்டு வழக்கம்? வீட்டுக்கு வந்தவரிடம் அதனைச் சொல்ல மறந்தால் குறையென்று கருதும் மக்கள், தம் மொழிக்குள் வந்தவரிடமும் அதனைச் சொல்லுதல் பொருந்தும். விருந்தினர் சொல்லைக் கேட்டுச் சிரிக்காமல், கொட்டித் தீர்க்காமல், ஆங்கிலத்துக்கு ஓடாமல், அவருக்கு விளங்கத்தக்க ஒரு சிறிய தமிழ்த் தொடரை மெதுவாகச் சொல்லி, விடைக்குப் பொறுத்திருத்தல் வேண்டும். இதற்குப் பெரும் புலமை வேண்டா. பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவரே இரயில் நிலைய வாயிலில் நின்று இதனைச் செய்யலாம். முதற்சொல்லைக் கற்று வருவது விருந்தினர் கடன். இரண்டாம் சொல்லை அவர் நாவிற்கு எட்டச் செய்வது ஊரார் கடன்.