கவுன்டர் நோட்டிஃபிகேஷன் கொடுத்தாச்சு... அடுத்து என்ன நடக்கும்?

யூடியூபில் போட்ட வீடியோ ஒன்று காப்பிரைட் புகாரால் தூக்கப்படுகிறது. கூடவே ஒரு ஸ்ட்ரைக். "நான் தப்பு பண்ணலையே" என்று உறுதியாக நம்பும் கிரியேட்டர், 'கவுன்டர் நோட்டிஃபிகேஷன்' எனும் எதிர் அறிவிப்பை அனுப்புகிறார். இனி யூடியூப் இரண்டு பக்கத்தையும் விசாரித்துத் தீர்ப்பு சொல்லும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அப்படி ஒரு விசாரணையே கிடையாது. அந்த பட்டனை அழுத்தியதும் தொடங்குவது, அமெரிக்கச் சட்டம் வகுத்துள்ள ஒரு கெடு.

எந்தச் சட்டம்?

1998-ல் அமெரிக்கா கொண்டுவந்த டிஜிட்டல் மில்லேனியம் காப்பிரைட் சட்டம், சுருக்கமாக டி.எம்.சி.ஏ. அதன் 512-வது பிரிவின்படி, முறையான புகார் வந்தால் தளம் அந்த வீடியோவை நீக்க வேண்டும். பதிவேற்றியவர் முறையாக மறுத்தால், குறிப்பிட்ட காலத்தில் திரும்பப் போட வேண்டும். இரண்டையும் ஒழுங்காகச் செய்துவிட்டால் தளத்தின் மீது பொறுப்பு விழாது. யூடியூப் நீதிபதி நாற்காலியில் உட்காராததற்குக் காரணம் இதுதான்.

ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பாட்டின் ஒரு துண்டை மென்பொருளே கண்டுபிடித்து விளம்பர வருமானத்தைத் திருப்பிவிடும் 'கன்டென்ட் ஐடி' க்ளெய்ம் வேறு. அதற்கு டிஸ்ப்யூட், அப்பீல் என்று தனி வழி இருக்கிறது. உரிமையாளர் சட்டப்படி புகார் கொடுத்து வீடியோவை நீக்கவைத்தால் மட்டுமே கவுன்டர் நோட்டிஃபிகேஷன்.

முதல் கட்டம்: படிவம் சரியா?

அனுப்பியதை யூடியூப் அப்படியே எதிர்த்தரப்புக்குத் தள்ளிவிடாது. முதலில் படிவம் முழுமையாக இருக்கிறதா என்று பார்க்கும். சட்டப் பெயர், முகவரி, போன் நம்பர், கையெழுத்து ஆகியவை வேண்டும். தவறுதலாகவோ, வீடியோ தவறாக அடையாளம் காணப்பட்டோ நீக்கப்பட்டது என்று நம்புவதாக, பொய் சொன்னால் தண்டனை உண்டு என்பதை ஏற்று உறுதிமொழியும் தர வேண்டும்.

பலர் சறுக்கும் இடம் இது. "கிரெடிட் கொடுத்திருக்கேன்", "இதுல காசு சம்பாதிக்கல", "எல்லாரும்தான் போடுறாங்க" என்பவை நல்ல காரணங்கள் அல்ல. படிவம் இங்கேயே நின்றுவிடலாம். "விமர்சனத்துக்காக இத்தனை நொடிக் காட்சியைக் காட்டி, அதன் மேல் இன்ன கருத்தைச் சொல்லியிருக்கிறேன்" என்பது போன்ற தெளிவான விளக்கம் தேவை.

இன்னொரு வரியையும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர், யூடியூப் இருக்கும் பகுதியின் ஃபெடரல் நீதிமன்ற அதிகாரத்துக்கு உட்படச் சம்மதிக்கிறார். சென்னையில் உட்கார்ந்து 'சப்மிட்' அழுத்துபவர், கலிஃபோர்னியாவில் தன் மீது வழக்குப் போடலாம் என்று ஒப்புக்கொள்கிறார் என்று அர்த்தம்.

இரண்டாம் கட்டம்: முகவரி கைமாறுகிறது

படிவம் சரியாக இருந்தால், அது புகார் கொடுத்தவருக்குப் போகிறது. பெயர், முகவரி உட்பட எல்லாமே போகும். வழக்குப் போட நினைப்பவருக்கு எதிராளி யார் என்று தெரிய வேண்டும் என்பது சட்டத்தின் கணக்கு.

ஆனால் புகார் கொடுத்தவரே போலி என்றால்? 2019-ல் யூடியூப் நெப்ராஸ்கா மாநிலத்தைச் சேர்ந்த ஒருவர் மீது வழக்குப் போட்டது. மைன்கிராஃப்ட் வீடியோ போடுபவர்கள் மீது பொய்ப் புகார்கள் கொடுத்து, வாபஸ் வாங்கப் பணம் கேட்டார் என்பது குற்றச்சாட்டு. அதில் ஒரு கிரியேட்டர் கவுன்டர் நோட்டிஃபிகேஷன் கொடுத்த சில நாள்களில், பொய்த் தகவல் தந்து அவர் வீட்டுக்குப் போலீஸை அனுப்பும் 'ஸ்வாட்டிங்' நடந்தது. முகவரி அந்தப் படிவத்திலிருந்தே கிடைத்திருக்கும் என்று யூடியூப் சந்தேகப்பட்டது. அந்த நபர் 25,000 டாலர் தர ஒப்புக்கொண்டு வழக்கு சமரசத்தில் முடிந்தது.

முகவரியை வெளியிடத் தயங்குபவர்கள், வழக்கறிஞர் மூலமாகப் படிவத்தை அனுப்பலாம். யூடியூப் அதை அனுமதிக்கிறது.

மூன்றாம் கட்டம்: 10 வேலை நாள்

இப்போது பந்து எதிர்த்தரப்பிடம். அவருக்கு 10 வேலை நாள்கள் அவகாசம். இது அமெரிக்க வேலை நாள் கணக்கு. ஒரு திங்கட்கிழமை படிவம் அனுப்பப்பட்டால், செவ்வாய் முதல் நாள். சனி, ஞாயிறு சேராது என்பதால், பத்தாவது நாள் இரண்டு வாரம் கழித்து வரும் திங்கள். இடையில் அமெரிக்க அரசு விடுமுறை வந்தால் ஒரு நாள் தள்ளும். பொங்கல் வந்தால் தள்ளாது.

சட்டப்படி வீடியோ 10 முதல் 14 வேலை நாள்களுக்குள் திரும்ப வர வேண்டும். முதல் கட்டப் பரிசீலனைக்கு ஆகும் நேரம் தனி. அதுவரை வீடியோவும் வராது, ஸ்ட்ரைக்கும் போகாது. புதுப் படத்துக்குப் போட்ட விமர்சனம் என்றால், திரும்பி வரும்போது படமே தியேட்டரை விட்டுப் போயிருக்கலாம். வழக்கே இல்லாவிட்டாலும் கிரியேட்டர் கொடுக்கும் விலை இது.

நான்காம் கட்டம்: இரண்டு வழி

எதிர்த்தரப்பு பேசாமல் இருந்தால், அல்லது புகாரை வாபஸ் வாங்கினால், வீடியோ திரும்பும், ஸ்ட்ரைக் நீங்கும். "கேஸ் போடுவோம்" என்று மெயில் அனுப்பினால் மட்டும் போதாது. அந்த வீடியோவைத் தடுக்கக் கோரி, பதிவேற்றியவர் மீது வழக்குத் தொடர்ந்ததற்கான ஆதாரத்தைக் காட்ட வேண்டும். காட்டிவிட்டால் வீடியோ வராது. இனி முடிவு நீதிமன்றத்தின் கையில்.

அப்படி நடந்த பிரபல வழக்கு, 'எச்3எச்3' சேனல் நடத்தும் ஈதன், ஹிலா க்ளைன் தம்பதி மீதானது. மேட் ஹொஸைன்சாதே என்பவரின் 5 நிமிடம் 24 நொடி வீடியோவிலிருந்து 3 நிமிடம் 15 நொடியை எடுத்து, நடுநடுவே நிறுத்தி நிறுத்திக் கிண்டலடித்து, சுமார் 14 நிமிட வீடியோ போட்டார்கள். 2016 ஏப்ரலில் அது நீக்கப்பட்டது. தம்பதி உடனே கவுன்டர் நோட்டிஃபிகேஷன் கொடுத்தனர். அவர் பின்வாங்கவில்லை, அதே மாதம் நியூயார்க் ஃபெடரல் நீதிமன்றத்துக்குப் போனார்.

2017 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. பாதிக்கு மேல் எடுத்திருந்தாலும், ஒவ்வொரு துண்டும் விமர்சனத்துக்காகவே பயன்பட்டதால் இது நியாயமான பயன்பாடு என்றார் நீதிபதி. கவுன்டர் நோட்டிஃபிகேஷனில் பொய் சொன்னார்கள் என்ற குற்றச்சாட்டும் தள்ளுபடி. தம்பதி ஜெயித்தார்கள். ஆனால் அதற்கு ஓராண்டுக்கு மேல் வக்கீல் செலவோடு போராட வேண்டியிருந்தது.

வீடியோ வந்துவிட்டால் முடிந்ததா?

இல்லை. பத்து நாள் கெடு, வீடியோவைத் திரும்பப் போடுவதற்கான கெடு மட்டுமே. வழக்குப் போடும் உரிமை அதோடு தீர்ந்துவிடாது. அமெரிக்கக் காப்பிரைட் வழக்குக்கு மூன்று ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. வீடியோ திரும்பி வந்தது என்றால், எதிர்த்தரப்பு கெடுவுக்குள் நீதிமன்றம் போகவில்லை அல்லது வாபஸ் வாங்கிவிட்டது என்று அர்த்தம், அவ்வளவுதான். கிரியேட்டர் செய்தது சரி என்று யாரும் சொல்லிவிடவில்லை.

ஆகவே 'சப்மிட்' அழுத்தும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, "யூடியூப் என்னை நம்புமா?" என்பதல்ல. "எதிராளி நிஜமாகவே கேஸ் போட்டால், இதே பதிலை நீதிமன்றத்தில் சொல்லி நிற்க முடியுமா?" என்பதுதான்.