காளான்ல கரையுற 'நானும்' ரமணருக்குக் கரைஞ்ச 'நானும்' ஒண்ணா? (இழை)

1. ஜவ்வாது மலையில அரசு டாக்டரா வேலை பார்க்கிறேன். மலையை விட்டு இறங்கினா திருவண்ணாமலை. கிரிவலம், ஆசிரமம்னு வர்றவங்கள்ல கொஞ்சம் பேர் மலை ஏறி இங்கேயும் வர்றாங்க. அதுல சிலர் ஓ.பி.யில கேக்குற கேள்வி: "டாக்டர், கோடைக்கானல்ல காளான் சாப்பிட்டேன். கொஞ்ச நேரம் 'நான்'னு ஒண்ணே இல்ல. ரமணருக்கு நடந்ததும் இதுதானே?"

2. நான் மனநல மருத்துவர் இல்ல, எம்.பி.பி.எஸ். தான். ஆனா இந்தக் கேள்வி முதல்ல வந்து நிக்கிறது எங்க மாதிரி ஆளுங்க டேபிள்லதான். என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். ரெண்டும் தொடங்குற இடம் ஒத்துப் போகலாம். ஆனா உச்சத்தை வச்சு ஒப்பிடுறது தப்பான அளவுகோல். அடுத்த பத்து வருஷத்தை வச்சுத்தான் ஒப்பிடணும்.

3. ஒரு தெளிவு. இங்க ஈகோன்னா திமிர் இல்ல. 'நான்'ங்கிற உணர்வு. அதுல குறைஞ்சது ரெண்டு அடுக்கு இருக்கு. ஒண்ணு உடம்பு நான்: என் தோலோட நான் முடியுறேன், அதுக்கு அப்பால உலகம். இன்னொண்ணு கதை நான்: என் பேர், என் வேலை, என்னை எவன் என்ன சொன்னான், நாளைக்கு என்ன ஆகும்னு உள்ள ஓடிக்கிட்டே இருக்கிற பேச்சு. "நான் கரைஞ்சு போனேன்"னு ஒருத்தர் சொன்னா, இதுல எது போச்சுன்னு முதல்ல கேக்கணும்.

4. காளான்ல இருக்கிற சைலோசைபின், உடம்புக்குள்ள போய் சைலோசினா மாறி, மூளையில செரட்டோனின் 2ஏ ரிசெப்டார்ல உக்காருது. கெட்டான்செரின்னு ஒரு மருந்தை முன்னாடியே கொடுத்து அந்த இடத்தை அடைச்சுட்டா, இந்த அனுபவம் பெரும்பாலும் வர்றதே இல்லன்னு 1998ல சூரிச்ல காட்டிட்டாங்க. வாயால சாப்பிட்டா ஒரு மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கும், ரெண்டு மூணு மணியில உச்சம், சுமார் ஆறு மணியில இறங்கிடும். டோஸ் கூடினா ரெண்டு அடுக்கும் சேர்ந்தே உடையும். கூடவே கண்ணுக்குத் தெரியுறது, நேரம் போற வேகம், எல்லாம் மாறும்.

5. நீண்ட தியானத்துல வரிசை பெரும்பாலும் வேற. முதல்ல தளர்றது கதை நான். பேச்சு அடங்கும், ஆனா காபி டம்ளர் காபி டம்ளராத்தான் தெரியும். உடம்பு எல்லை பல பேருக்கு அப்படியே இருக்கும். கரையறதுக்கு வருஷங்கள் ஆகும், அதனாலேயே பல பேர் அதை ஒரு 'சம்பவமா' சொல்றதே இல்ல.

6. "ஸ்கேன்ல ரெண்டும் ஒண்ணுதானே?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. 2011ல அனுபவமுள்ள தியானிகளை வச்சு அமெரிக்காவுல எடுத்த ஸ்கேன்லயும், 2012ல நரம்பு வழியா சைலோசைபின் கொடுத்து இங்கிலாந்துல எடுத்த ஸ்கேன்லயும், மூளையோட நடுப்பகுதியில ஒரே இடத்துல செயல்பாடு குறைஞ்சது. நம்மளைப் பத்தி நாமளே யோசிக்கும்போது வேலை செய்யற இடம் அது.

7. ஆனா டைபாய்டுக்கும் 103, மலேரியாவுக்கும் 103. தெர்மாமீட்டர் ஒண்ணு காட்டுதுன்னு நோய் ஒண்ணாகிடாது. அந்த ஸ்கேன் சொல்றது "கதை நான் அமைதியாச்சு"ங்கிறது மட்டும்தான். எப்படி ஆச்சு, யாருக்கு ஆச்சு, திரும்பி வந்தப்போ என்ன ஆச்சுன்னு அதுக்குத் தெரியாது.

8. இப்ப ரமணர் கேஸுக்கு வருவோம். 1896 ஜூலை, மதுரை. வயசு 16. சித்தப்பா வீட்டு மாடியில தனியா இருக்கும்போது திடீர்னு சாவு பயம். உடம்புல எந்த நோயும் இல்ல. பையன் யாரையும் கூப்பிடல. படுத்து, கை கால் விறைச்சு, வாயை இறுக்கி மூடி, பிணம் மாதிரி கிடந்து பார்த்தான். உடம்பு செத்தா 'நான்' சாகுதா? அந்த ஒரு கேள்வியோட பயம் போச்சு. அதே வருஷம் செப்டம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலை வந்து சேர்ந்தார்.

9. கவனிங்க, இது நீண்ட பயிற்சியால வந்தது இல்ல. பெரிய புராணம் படிச்சிருந்தார், அவ்வளவுதான். அந்த வகையில காளான் அனுபவத்துக்கு இது கிட்டத்துல இருக்கிற மாதிரிதான் தெரியும்: திடீர்னு வந்தது, சாவு பயம், அப்புறம் ஒரு விடுதலை. அதனாலதான் என்கிட்ட கேக்குறவங்களைத் தப்பு சொல்ல மாட்டேன்.

10. இன்னொரு விஷயமும் நேர்மையா சொல்லணும். இந்த விவரமெல்லாம் ரமணர் பல வருஷம் கழிச்சு மத்தவங்ககிட்ட சொன்னது, நரசிம்ம சுவாமி 1931ல புத்தகமா போட்டது. காளான் ஆய்வுல மருந்து இறங்கின அன்னிக்கே கேள்வித்தாள் கொடுத்துடுவாங்க. ஒண்ணு சூடான பதிவு, இன்னொண்ணு ஆறின நினைவு. ரெண்டையும் வரிக்கு வரி ஒப்பிட முடியாது.

11. ஒப்பிட முடியுறது என்னன்னா, அதுக்கப்புறம் நடந்தது. அதுக்கு நிறைய சாட்சி இருக்கு. முதல் சில மாசம் பார்க்கவே கஷ்டமா இருந்த காலம். கோயில் ஆயிரங்கால் மண்டபத்துக்குக் கீழ பாதாள லிங்கத்துல அசையாம உக்காந்திருந்தார். பூச்சி அரிச்சு தொடையெல்லாம் புண். வாயில சோறு ஊட்டினாத்தான் உண்டு. அந்தப் பையனை இன்னிக்கு என் வார்டுக்குத் தூக்கிட்டு வந்தா, நான் கேட்டடோனியான்னு எழுதி, டிரிப் போட்டு, மனநல டாக்டருக்கு போன் போடுவேன். அது என் கடமை, அதுல எனக்குத் தயக்கமே இல்ல.

12. அவரைக் காப்பாத்தினது யாரு? சேஷாத்ரி சுவாமிகள் பையனுங்க கல்லெறியாம பார்த்துக்கிட்டார். சிலர் அந்தக் குழியில இருந்து தூக்கி வெளிய கொண்டு வந்தாங்க. பழனிசாமின்னு ஒருத்தர் கூடவே இருந்து பார்த்துக்கிட்டார். யாராவது ஒரு டம்ளர் பால் கொடுத்தாங்க. பேசாம உக்காந்திருக்கிற ஆளை எப்படிப் பார்த்துக்கணும்னு அந்த ஊருக்குத் தெரிஞ்சிருந்தது. காளான் ஆய்வுலயும் பக்கத்துல ரெண்டு பேர் நாள் முழுக்க உக்காந்திருக்கிறதுக்குக் காரணம் இதுதான். லாட்ஜ் ரூம்ல யார் இருக்காங்க?

13. அப்புறம் மெதுவா திரும்பி வந்தார். 1901, 1902 வாக்குல கேள்விகளுக்கு எழுதிக் காட்டிப் பதில் சொன்னார். விரூபாட்ச குகை, கந்தாசிரமம், 1922ல மலையடிவாரம். பின்னாடி சமையல்கட்டுல காய் நறுக்கினார், பேப்பர் படிச்சார், அச்சுக்குப் போற புத்தகத்துல பிழை திருத்தினார். 1896ல கிடைச்சது அதுக்கப்புறம் கூடவும் இல்ல குறையவும் இல்லன்னுதான் அவர் சொன்னார். அதை நான் மறுக்கல. ஆனா வெளிய இருந்து பார்க்கிற டாக்டரா, அந்த நிலையோட சேர்ந்து ஒரு உடம்பு வாழப் பழகுறதுக்குப் பல வருஷம் ஆச்சுன்னு எனக்குத் தெரியுது. ஆறு மணி நேரத்துல அதுக்கு இடமே இல்ல.

14. அப்படின்னா காளான் வெறும் மயக்கமா? இல்ல. 2006ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல 36 பேருக்குக் கொடுத்தாங்க. ரெண்டு மாசம் கழிச்சும் மூணுல ரெண்டு பேர், வாழ்க்கையிலேயே முக்கியமான அஞ்சு அனுபவத்துல இது ஒண்ணுன்னாங்க. ஆனா ரெண்டு விஷயம். அத்தனை பேரும் ஏற்கெனவே ஏதோ ஒரு பிரார்த்தனை, தியானம்னு ஈடுபாடு உள்ளவங்க. அவ்வளவு பாதுகாப்புக்கு நடுவுலயும் மூணுல ஒருத்தருக்குக் கிட்டத்தட்ட கடுமையான பயம் வந்தது.

15. எனக்கு இன்னும் முக்கியமாப் படுறது 2019ல வந்த ஸ்விட்சர்லாந்து ஆய்வு. பல வருஷம் தியானம் பண்ணின 39 பேர், அஞ்சு நாள் முகாம். நாலாவது நாள் பாதிப் பேருக்கு சைலோசைபின், மீதிப் பேருக்குப் போலி மாத்திரை. மருந்து எடுத்தவங்களுக்கு 'நான்' கரைஞ்சது, ஆனா பயம் பெரிசா வரல. அதாவது கதவைத் திறக்கிறது மருந்தா இருக்கலாம். திறந்ததும் பயந்து ஓடாம நிக்கிறது பயிற்சி சம்பாதிச்சது.

16. தியானம்னா ஆபத்தே இல்லன்னும் நினைக்காதீங்க. பத்து நாள் முகாம் முடிச்சு, "நான் இருக்கிற மாதிரியே இல்ல, எல்லாம் கண்ணாடிக்குப் பின்னாடி நடக்குது"ன்னு வர்றவங்க உண்டு. இது கரையறதா, நோயா? நான் பார்க்கிற வித்தியாசம் இது: நோயில, 'நான் காணாமப் போயிட்டேன்'னு தவிக்கிற ஒருத்தர் உள்ள இருக்கார், பாசம்கூட மரத்துப் போச்சுன்னு அழுவார். கரைஞ்சவர்கிட்ட அந்தத் தவிப்பு இருக்காது.

17. இது போக நாலு கேள்வி கேப்பேன். தூங்குறீங்களா? சாப்பிடுறீங்களா? வேலைக்குப் போறீங்களா? நடந்ததை 'ஒரு அனுபவம்'னு சொல்றீங்களா, இல்ல 'எனக்கு மட்டும் வந்த கட்டளை'ன்னு சொல்றீங்களா? மூணு ராத்திரி தூங்காம, களைப்பும் இல்லாம, பேச்சு நிக்காம இருந்தா அது ஞானம் இல்ல. வேற எதுவும் இல்லன்னு நிரூபிக்கிற வரைக்கும் மேனியா. வீட்டுல யாருக்காவது ஸ்கிசோஃப்ரினியா, பைபோலார் இருந்தா காளான் பக்கமே போகாதீங்க. லித்தியம் மாத்திரை எடுக்கிறவங்க இதை எடுத்து வலிப்பு வந்த பதிவுகள் இருக்கு.

18. மலைக்காரங்களுக்கும் மலைக்கு வர்றவங்களுக்கும் தனியா ஒண்ணு. சட்டப்படி சைலோசைபின் 1985 போதைப்பொருள் சட்டத்துல வருது. அதைவிட, மழைக்குப் பின்னாடி முளைக்கிற காளான்ல எது எதுன்னு போட்டோ பார்த்து முடிவு பண்ண முடியாது. ஈரலை அழிக்கிற காளான் ஆறு மணி நேரத்துக்கு அப்புறம்தான் வாந்தி பேதியைக் காட்டும், நடுவுல ஒரு நாள் சரியான மாதிரி ஏமாத்தும். அப்படி வாந்தி வந்தா வெக்கப்படாம மிச்சக் காளானோட ஆஸ்பத்திரிக்கு வாங்க. போலீஸைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்.

19. கடைசியா அந்த 'பத்து வருஷ அளவுகோல்'. 1949 தொடக்கத்துல ரமணருக்கு இடது கையில முழங்கைக்குக் கீழ ஒரு சின்னக் கட்டி. எடுத்தாங்க, திரும்ப வந்தது. சார்கோமா. ஒரே வருஷத்துல நாலு ஆபரேஷன். கையை எடுத்துடலாம்னப்போ வேண்டாம்னுட்டார். வர்றவங்களைப் பார்க்கிறதைக் கடைசி நாள் வரைக்கும் நிறுத்தச் சம்மதிக்கல. 1950 ஏப்ரல் 14ல இறந்தார்.

20. சார்கோமா புண்ணு அழுகி ரத்தம் வர்றப்போ ஆளுங்க எப்படி ஆவாங்கன்னு வார்டுல பார்த்தவன் நான். ஆன்மா பத்தி இது எதையும் நிரூபிக்காது. ஆனா 'நான்' நிஜமாவே தளர்ந்துச்சான்னு தெரிஞ்சுக்க இதைவிட நல்ல டெஸ்ட் எனக்குத் தெரியல. காளான் சாப்பிட்டவருக்கும் முப்பது வருஷம் தியானம் பண்ணவருக்கும் அதே டெஸ்ட்தான். அடுத்த தடவை யாராவது "கரைஞ்சுட்டேன்"னா, என்ன பார்த்தீங்கன்னு கேக்காதீங்க. அதுக்கப்புறம் வீட்டுல உங்களோட இருக்கிறவங்க என்ன சொல்றாங்கன்னு கேளுங்க.