வேலை விளம்பரப் படம்: கேட்பவர் எதைக் கேட்கிறார்?

ஜொகூர் பாருவில் ஒரு குடும்பப் புலனக் குழுவுக்குச் சிங்கப்பூர் வேலை விளம்பரப் படம் ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். கிடங்கு வேலை, மாதம் 2,800 வெள்ளி, தங்குமிடம் இலவசம், முன்பணம் 350 ரிங்கிட். நிறுவனப் பெயர் இல்லை. கைப்பேசி எண் மட்டும் உண்டு. அனுப்பிய தம்பி வேறொன்றும் எழுதவில்லை.

அவருக்கு என்ன வேண்டும்? தமக்குத் தகுதி உண்டா என்று கேட்கலாம், இது மோசடியா என்று கேட்கலாம், விண்ணப்பிக்க உதவி கேட்கலாம். வீட்டில் பெரும்பாலும் மூன்றாவதற்கே பதில் கிடைக்கிறது. "அடையாள அட்டையைப் படமெடுத்து அனுப்பு" என்று அண்ணன் சொல்லிவிடுகிறார். அட்டைப் படம் கைமாறிய பிறகு, மோசடியா என்று பார்ப்பதில் பாதிப் பயன் போய்விடும்.

அதனால் சரிபார்ப்புதான் முதலில். சிங்கப்பூர் வேலை முகவர் விளம்பரத்தில் உரிம எண் இருக்க வேண்டும். அந்த நாட்டு மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் முகவர் பட்டியல் உள்ளது; எண்ணை அதில் தேடலாம். ஆனால் உண்மையான முகவரின் எண்ணைத் திருடி ஒட்டுவதும் எளிது. ஆகவே விளம்பரத்தில் உள்ள கைப்பேசிக்கு அழைக்காமல், பட்டியலில் உள்ள எண்ணுக்கு அழைத்துக் கேட்பதே சரி. முன்பணம் கேட்ட வங்கிக் கணக்கைக் காவல்துறையின் semakmule.rmp.gov.my தளத்தில் தட்டிப் பார்க்கலாம். அங்கே புகார் எதுவும் காட்டாவிட்டால், அந்தக் கணக்கு சுத்தம் என்று அர்த்தமில்லை. இன்னும் யாரும் புகார் செய்யாமல் இருக்கலாம்.

தகுதிக் கேள்வியிலும் ஒரு சோதனை ஒளிந்திருக்கிறது. சிங்கப்பூர் வேலை அனுமதிக்குத் தொழிலாளி தாமே விண்ணப்பிப்பதில்லை. முதலாளியோ அவர் சார்பில் முகவரோதான் விண்ணப்பிப்பார். "முதலில் சுற்றுப்பயணியாக வந்து வேலையைத் தொடங்கு, பெர்மிட் பிறகு வரும்" என்று யாராவது சொன்னால், வயதும் அனுபவமும் பொருந்தினாலும் விலகிவிட வேண்டும். அனுமதியின்றி வேலை செய்து பிடிபட்டால் 20,000 வெள்ளி வரை அபராதம், ஈராண்டு வரை சிறை அல்லது இரண்டும் தொழிலாளிக்கே விதிக்கப்படலாம்.

இவ்விரண்டையும் தாண்டினால்தான் விண்ணப்ப உதவி. அப்போதும் அனுமதிக்கான ஒப்புதல் கடிதத்தில் உள்ள அடிப்படைச் சம்பளத்தைப் பார்க்க வேண்டும். விளம்பரத்தின் 2,800 வெள்ளியில் மிகைநேரச் சம்பளமும் சேர்ந்திருக்கலாம். முகவர் கட்டணத்துக்கும் சிங்கப்பூரில் வரம்பு உண்டு: ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாதச் சம்பளம், எத்தனை ஆண்டானாலும் இரண்டு மாதத்துக்கு மேல் கூடாது.

தம்பியின் படத்தில் உரிம எண்ணும் இல்லை, முதலாளி பெயரும் இல்லை. தகுதியைப் பார்க்கும் கட்டத்துக்கே அது வரவில்லை. 350 ரிங்கிட்டை ஏற்கெனவே அனுப்பியிருந்தால், 997 என்ற தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தை உடனே அழைக்க வேண்டும். பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் முடக்க முயலலாம்.