ஈராண்டும் ஏழு நாளும்

கல்முனைக் கரையோரத்தில் வீதி விபத்தில் உறவினரை இழந்த குடும்பத்தினர் பலர், நீதவான் நீதிமன்ற வழக்கு முடியட்டும் என்று காத்திருக்கின்றனர். அதுவே பெருந்தவறு என்போம். சாரதியைத் தண்டிப்பது அவ்வழக்கு. நட்டஈடு பெறுவது மாவட்ட நீதிமன்றத்தில் தொடுக்கும் தனி வழக்கு. 1871ஆம் ஆண்டின் காலாவதிச் சட்டம் இதற்கு ஈராண்டே தருகிறது. குற்ற வழக்கு நடப்பதால் அந்தக் காலம் நீளாது.

2023 மார்ச் 10இல் கணவரை இழந்த ஒரு பெண்ணை எண்ணிப் பார்ப்போம். அவர் 2025 மார்ச் 10க்கு முன்னரே வழக்கிட்டிருக்க வேண்டும். காயத்தினாலேயே மரணம் நேர்ந்தது என்பதைப் பிரேத பரிசோதனை அறிக்கை காட்டும். வாகன இலக்கத்தையும் சாரதியையும் குற்றப்பத்திரிகை காட்டும். ஆயினும் கவனயீனத்தை அது நிறுவாது. அதற்குப் பொலிஸாரின் வரைபடமும் கண்ட சாட்சிகளும் வேண்டும். கணவரின் வருமானத்துக்கும் சான்று வேண்டும்.

காப்புறுதி நிறுவனத்தின் பெயரை வாகனத்தின் காப்புறுதிச் சான்றிதழிலிருந்து அறிய வேண்டும். வழக்கிடுமுன்னரோ, வழக்கிட்டு ஏழு நாட்களுக்குள்ளோ அந்நிறுவனத்துக்கு அறிவித்தல் கொடாவிடில், தீர்ப்புப் பணத்தை அதனிடம் கேட்கும் உரிமை போய்விடும். 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் அப்படித்தான் விதிக்கிறது. பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்க!